நூற்றியொன்றில் எழுபத்தெட்டு

மொறட்டுவையில் பஸ்ஸை ஓரங்கட்டியதும் தம்பி என்னிடம் வந்து, "நூத்தியொண்ணு அண்ணே" என்றான். எங்கள் பஸ் ஓடுவது புறக்கோட்டை – மொறட்டுவை 101 என்பதால் ரூட் நம்பரைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, "அதுக்கென்ன?" என்று கேட்டேன். கையில் இருந்த எண்ணும் கருவியை நீட்டிக் காட்டினான். கட்டைவிரலால் அமுக்க அமுக்க ஒவ்வொன்றாக ஏறும் சின்ன வட்டக் கருவி. அதில் 101 என்று நின்றது. அந்தப் பயணத்தில் பஸ்ஸில் ஏறிய தலைகள்.

நான் டிக்கெட் மெஷினில் பயணத்தை முடித்து ரிப்போர்ட்டை எடுத்தேன். டிக்கெட் 78.

தம்பி ஒன்றும் பேசவில்லை. நூற்றியொன்றில் எழுபத்தெட்டைக் கழித்தால் இருபத்து மூன்று என்பதை அவன் மனதுக்குள் கழித்து முடித்துவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. ஒதுங்கி நின்று மாமாவுக்குப் போன் எடுத்தான். மாமா என்றால் எங்கள் முதலாளி.

இது 2022 நவம்பரில், மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. அந்த வருடம் பஸ் தொழிலில் இருந்தவர்களுக்கு யார் மேலும் நம்பிக்கை மிச்சம் இருக்கவில்லை. டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் கிடந்தோம். குறைந்த கட்டணம் ஜூலை முதலாம் தேதி 40 ரூபாய் ஆனது, அதே மாதத்தில் 38 ஆனது, ஆகஸ்டில் 34 ஆனது. ஓடுகிற நாள் குறைவு, ஓடுகிற நாளில் வருகிற காசும் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று முதலாளி தன் அக்காவின் மகனைக் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார். உயர்தரப் பெறுபேறு வந்து, கம்பஸ் கிடைக்குமா என்று காத்திருந்த பையன். நல்ல பிள்ளைதான். ஆனால் தன்னை எண்ணுவதற்காகவே ஒருவனை நாள் முழுக்கப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது எப்படியிருக்கும் என்று செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். நான் கொண்டக்டராகி அப்போது ஒன்பது வருடம்.

அவன் எண்ணியதில் பிழை இருக்கும் என்று சொல்லித் தப்பவும் வழி இல்லை. வழமையாக எங்கள் பஸ்களில் இரண்டு கதவு. முன்னால் ஏறி முன்னாலேயே இறங்கிப் போகிறவனை, பின்னால் நிற்கும் கொண்டக்டர் கண்ணாலும் காணமாட்டான். தனியார் பஸ்ஸில் காசு ஒழுகுகிற பெரிய ஓட்டை அதுதான். எங்கள் பஸ்ஸில் பின் கதவின் பூட்டு உடைந்து, இரண்டு மாதமாகக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தோம். செய்யக்கூடாத வேலை, தெரியும். எல்லாரும் ஒரே கதவால்தான் ஏறி இறங்கினார்கள், அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் தம்பி உட்கார்ந்திருந்தான்.

போனை என்னிடம் தந்தான். முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. "இருபத்து மூணு பேர் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"முதலாளி, டிக்கெட் வேற, ஆள் வேற" என்றேன். "அரை மணித்தியாலம் தாங்க, கணக்கை எடுத்துத் தாரேன்."

டிக்கெட்டும் ஆளும் ஒன்றல்ல என்பது கொண்டக்டர்மாருக்கு அரிச்சுவடி. தாயும் தகப்பனும் ஒரு பிள்ளையும் ஏறி, தகப்பன் காசை நீட்டினால், நான் மெஷினில் முழு இரண்டு, அரை ஒன்று என்று அடித்து ஒரே துண்டைத்தான் கிழித்துக் கொடுப்பேன். அந்த ஒரு துண்டில் மூன்று பேர். வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலைத்தளத்திலிருந்து கூட்டமாக வருகிறவர்கள் நான்கு பேருக்கு ஒருவர் எடுப்பார். ரிப்போர்ட்டில் முதல் வரியில் நிற்கும் டிக்கெட் எண்ணிக்கையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அதற்குக் கீழே முழு எத்தனை, அரை எத்தனை என்று தனித்தனியாக இருக்கும். அன்றைக்கு முழு 91, அரை 6. ஆக மெஷினுக்குத் தெரிந்த ஆட்கள் 97.

தம்பிக்கு அந்த வரியைக் காட்டினேன். அவன் முகம் கொஞ்சம் இளகியது. "அப்பவும் நாலு பேர் குறையுதே அண்ணே" என்றான்.

"நீ யார் யாரை அமுக்கினே என்று யோசி. கடலைக்காரரை அமுக்கினியா?"

யோசித்தான். கொள்ளுப்பிட்டியில் ஏறி, கடலைச் சுருளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நடந்து, இரண்டு ஹோல்ட் தள்ளி இறங்கிய மனிதரை அமுக்கித்தான் இருந்தான். ஏறுகிற தலையைத்தானே எண்ணச் சொல்லியிருந்தார்கள். வியாபாரிகளிடம் நாங்கள் காசு கேட்பதில்லை. இன்னொருவர், பாணந்துறைக்குப் போகும் 100 என்று நினைத்து ஏறி, நான் "மொறட்டுவ, மொறட்டுவ" என்று கூப்பிட்டதைக் கேட்டதும் அடுத்த ஹோல்டிலேயே இறங்கிவிட்டார். அவரிடமும் காசு வாங்கவில்லை. அது தம்பிக்கும் நினைவிருந்தது. 101 என்பது 99 ஆனது.

மீதம் இரண்டு. இனி இதை வெறும் யோசனையில் தீர்க்க முடியாது, காசை எண்ண வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். பயணத்தின் முடிவில் கொண்டக்டர் கையில் மூன்று எண் இருக்கும்: ஏறிய ஆள், மெஷினில் அடித்த ஆள், பையில் இருக்கும் காசு. இதில் இரண்டை மட்டும் பார்த்து, அவை ஒத்துவராவிட்டால் என்ன நடந்தது என்று தெரியாது. மூன்றையும் பக்கத்தில் வைத்தால்தான் கதை வெளியே வரும். ஆள் கூட, டிக்கெட் குறைவு, ஆனால் காசு டிக்கெட்டுக்குச் சரி என்றால், யாரோ காசு கொடுக்காமல் இறங்கியிருக்கிறார்கள். அது கொண்டக்டரின் கவனக்குறைவு, அவ்வளவுதான். ஆள் கூட, டிக்கெட் குறைவு, காசு கூட என்றால் கதை வேறு. காசு வாங்கியிருக்கிறான், டிக்கெட் அடிக்கவில்லை. பையைத் திறந்து பார்க்காதிருந்தால் அந்தக் காசு எங்கே போயிருக்கும் என்றுதான் எந்த முதலாளியும் கேட்பார். வெளியாட்கள் நினைப்பது காசு குறைந்தால்தான் கொண்டக்டருக்குப் பிரச்சினை என்று. குறைந்தால் நான் கையிலிருந்து போட்டுவிட்டுப் போவேன். கூடினால்தான் எங்களுக்கு வயிறு கலங்கும்.

அன்றைக்குக் கூடியிருந்தது.

எஞ்சின் மூடியின் மேல் துவாயை விரித்து எண்ணினேன். நாள் முழுக்க ஓடிய எஞ்சின், துவாயைத் தாண்டிச் சூடு வந்தது. நோட்டுகளை ஒரே முகமாகத் திருப்பி, ஐம்பது, நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று பிரித்தேன். மழையில் நனைந்த இருபது ரூபாய்த் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததால் அவற்றை மட்டும் ஒவ்வொன்றாக உரித்துப் பரப்பினேன். இரண்டு நோட்டு ஒட்டி ஒன்றாகப் போனால் எண்ணிக்கையே வீணாகும். குற்றிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினேன். சாரதி அண்ணன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து, இரண்டாவது தரம் தானும் எண்ணினார். அவர் சிங்களவர், களுத்துறைப் பக்கம். என்னை மல்லி என்றுதான் கூப்பிடுவார். கணக்கு என்று வந்தால் என்னைவிட அவருக்குப் பதற்றம் கூட, ஏனென்றால் அன்றைய வருமானத்தில் அவருக்கும் ஒரு பங்கு.

பையில் 6,583. காலையில் சில்லறைக்கென்று போட்ட 500 ஐக் கழித்தால் 6,083. மெஷின் சொன்னது 5,846. காசு கூட, 237 ரூபாய்.

இரண்டு பேர் கூடியதற்கு 237 ரூபாய் எங்கே? குறைந்த கட்டணம் 34 என்றால் இரண்டு பேருக்கு 68. அவர்கள் தூரப் பயணக்காரராக இருந்தால் கூடலாம்தான், ஆனால் தூரம் போகிறவனுக்கு டிக்கெட் அடிக்க மறப்பது அபூர்வம். அவன் நம்மோடு ஒரு மணித்தியாலம் நிற்பான், எப்படியும் ஒரு தரம் கண்ணில் படுவான். மறப்பது எப்போதும் அடுத்தடுத்த ஹோல்டில் இறங்குகிறவர்களுக்குத்தான்.

இந்த மெஷினில், அந்தப் பயணத்தில் அடித்த டிக்கெட்டுகளை வரிசையாகத் திரும்ப எடுக்கலாம். இலக்கம், நேரம், ஏறிய இடம், இறங்கும் இடம், ஆட்கள், காசு. தாள் செலவாகும் என்று முதலாளி எடுக்க விடமாட்டார். அன்றைக்கு எடுத்தேன். முழங்கை நீளத்துக்கு இரண்டு மடங்கு வந்தது. தம்பி ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, நேரத்தின் வரியை மட்டும் விரலால் தடவிக்கொண்டு போனேன்.

கூட்டமான நேரத்தில் டிக்கெட்டுகளுக்கு இடையில் பத்து, இருபது வினாடி. ஹோல்ட் இல்லாத இடத்தில் ஒரு நிமிடம். 45 ஆவது டிக்கெட் 6.41. 46 ஆவது டிக்கெட் 6.46. நடுவில் ஐந்து நிமிடம் எதுவும் இல்லை. பம்பலப்பிட்டி தாண்டும் நேரம், மழை, பஸ் நிறைய ஆள். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நான் டிக்கெட் அடிக்காமல் என்ன செய்துகொண்டிருந்தேன்?

தாள் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதைக் கண்டதும் எல்லாம் கண்முன் வந்தது. 45 ஆவது டிக்கெட்டை அடித்தபோது தாள்சுருள் முடிந்து, வெறும் அரை அங்குலத் துண்டு எழுத்தில்லாமல் வந்தது. கேட்டவர் பாடசாலைச் சட்டை போட்ட ஒரு பையன். "கொஞ்சம் நில்லுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, மெஷினைத் திறந்து பழைய சுருளின் கட்டையை எடுத்து, காற்சட்டைப் பையிலிருந்த புதுச் சுருளை உரித்துப் போட்டேன். பஸ் ஆடுகிற ஆட்டத்தில் அந்தத் தாள் நேராக உட்காரவே இல்லை. இரண்டு தரம் கோணலாக இழுத்தது. முழங்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாடையால் மெஷினின் மூடியை அழுத்திக்கொண்டு செய்கிற வேலை அது. மூன்றாம் தரம் சரிவந்ததும் அந்தப் பையனுக்கு டிக்கெட்டைத் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

பிழை அங்கேதான். மெஷினில் கடைசி டிக்கெட்டை மறுபடி அச்சடிக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் கணக்கில் ஏறாது. நான் அவசரத்தில் அதே இடங்களைப் புதிதாகப் போட்டு அடித்துவிட்டேன். 45 உம் 46 உம் பட்டியலில் ஒரே மாதிரி நின்றன: ஏறிய இடம் ஒன்று, இறங்கும் இடம் ஒன்று, முழு ஒன்று, 34 ரூபாய். ஒரு பையன், மெஷினில் இரண்டு பேர். அவனிடம் வாங்கியது ஒரு 34 தான்.

தம்பி சட்டென்று சொன்னான்: "அப்படியென்றால் அண்ணே, மெஷினில் இருக்கிறது 97 இல்லை, 96."

சரிதான். உண்மையில் டிக்கெட் கிடைத்த ஆட்கள் 96. ஏறியது 99. தவறியது இரண்டு பேர் அல்ல, மூன்று பேர். ஒரு பிழை இன்னொரு பிழையைக் கொஞ்சம் மூடிவைத்திருந்தது. இரண்டு என்று தேடிக்கொண்டிருந்தால் விடியும் வரை தேடியிருப்பேன், ஏனென்றால் இரண்டு பேராக யாரும் வரவே இல்லை.

மூன்று என்றதும் நினைவு வந்தது. மூன்று இளைஞர்கள், தோளில் ஈரமான பை, பம்பலப்பிட்டியில் ஏறி வெள்ளவத்தைக்கு என்றார்கள். நான் தாடையில் மெஷினை வைத்துக்கொண்டிருந்த நேரம். முன்னால் நின்ற ஒருவன் நூறு ரூபாய்த் தாளோடு ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியையும் சேர்த்து, இரண்டு பேரின் கைமாற்றி எனக்கு அனுப்பினான். மூன்று முப்பத்து நாலு நூற்றிரண்டு. சரியான காசு. பையில் போட்டேன், தாளோடு மல்லுக்கட்டப் போனேன். அவர்களும் டிக்கெட் கேட்கவில்லை, வெள்ளவத்தையில் இறங்கிப் போனார்கள்.

சரியான காசு கொடுப்பவர்கள் நல்லவர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் கொண்டக்டரின் கை எப்படிப் பழகியிருக்கிறது என்றால், காசை வாங்கும், டிக்கெட்டை அடிக்கும், மிச்சக்காசையும் டிக்கெட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும். மிச்சம் கொடுக்கவேண்டும் என்ற கடன்தான் டிக்கெட்டை நினைவுபடுத்துகிறது. மிச்சம் வாங்காமல் பயணி போகமாட்டான், டிக்கெட் வாங்காமல் போவான். மிச்சமே இல்லாத காசு கைக்கு வந்தால், கை தன் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. ஒன்பது வருடத்தில் நான் அடிக்க மறந்த டிக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி சரியான காசு கொடுத்தவர்களுடையதாகத்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

காசுக்கு வருவோம். அந்த மூன்று பேரின் 102 பையில் இருக்கிறது, மெஷினில் இல்லை. பாடசாலைப் பையனின் இரண்டாவது 34 மெஷினில் இருக்கிறது, பையில் இல்லை. இரண்டையும் தட்டிக் கழித்தால் 68 கூடியதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. 237 இல் இன்னும் 169.

இதில் ஒரு பகுதிக்கு எந்தப் பட்டியலும் தேவையில்லை. 34 ரூபாய் என்ற கட்டணத்தைத் தீர்மானித்தவர் ஒருநாளும் பஸ்ஸில் டிக்கெட் அடித்திருக்கமாட்டார் என்பது என் எண்ணம். நாற்பதைக் கொடுத்தால் ஆறு ரூபாய் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஐந்து ரூபாய்க் குற்றி இருக்கும், ஒரு ரூபாய்க் குற்றி இருக்காது. ஐந்தைக் கொடுப்போம். ஐம்பதைக் கொடுத்தால் பதினாறுக்குப் பதினைந்து. முப்பத்தைந்தைக் கொடுத்தால் அந்த ஒரு ரூபாயைக் கேட்கப் பயணிக்கே வெட்கம். சில வேளை நாங்களும் ஒன்றிரண்டு விட்டுக்கொடுப்போம், "பரவாயில்லை, தாங்க" என்று முப்பத்து மூன்றை வாங்குவோம். ஆனால் தட்டு எங்கள் பக்கம்தான் சாயும். அந்த மாதங்களில் ஒரு பயணத்துக்கு முப்பதிலிருந்து ஐம்பது ரூபாய் வரை இப்படிக் கூடுவது எல்லா கொண்டக்டருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும், ஐம்பது வரை அவர் கேட்பதில்லை.

அப்படியென்றால் காரணம் தெரியாமல் நிற்பது ஏறக்குறைய 120 இலிருந்து 140 க்குள் ஒரு தொகை. சாரதி அண்ணன் பேப்பர் ஓரத்தில் எழுதிப் பார்த்தார். "மல்லி, யாருக்காவது பாக்கி எழுதினதா?"

எழுதியிருந்தேன். இதுவும் எங்கள் பழக்கம். ஒருவர் பெரிய தாளைக் கொடுத்து, கையில் சில்லறை இல்லையென்றால், டிக்கெட்டின் பின்பக்கத்தில் கொடுக்கவேண்டிய தொகையைப் பேனாவால் எழுதிக் கொடுப்போம். இறங்கும் முன் சில்லறை சேர்ந்ததும் அவர் துண்டைக் காட்டுவார், காசைக் கொடுத்துவிட்டு அந்த எழுத்தை வெட்டிவிடுவோம். அன்றைக்கு மழைக்குள் ஐந்தாறு பேருக்காவது எழுதியிருப்பேன். யாருக்கு எவ்வளவு என்று என்னிடம் குறிப்பு இல்லை. குறிப்பு முழுக்கப் பயணிகளின் கையில்தான். எங்கள் முறையின் பலவீனமே அதுதான்: கடன் பத்திரம் கடன் கொடுத்தவரிடம் மட்டும் இருக்கும், அவர் மறந்து இறங்கினால் கடன்காரனுக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் தொகை பேசியது. குறுந்தூரக்காரர் ஒருவர் நூறைக் கொடுத்திருந்தால் பாக்கி 66. அதைக் கழித்தால் 169 இல் 103 மிச்சம் நிற்கும், சில்லறை வித்தியாசத்துக்கு அது மிகவும் கூட. இரண்டு பேர் நூறு நூறாகக் கொடுத்து மறந்திருந்தால் 132. இல்லையென்றால் ஒருவர் இருநூறைக் கொடுத்து இரண்டு பேருக்கு எடுத்து மறந்திருந்தாலும் 132. 169 இல் 132 போனால் 37. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் சரியாக உட்கார்ந்தது. தூரப் பயணக்காரர் யாரும் மறந்திருக்கலாமே என்றால், அதற்கு நான் மறுப்புச் சொல்ல முடியாது. என்னிடம் இருந்தது ஒரு நம்பகமான ஊகம், அத்தாட்சி அல்ல.

முதலாளிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேருக்கு டிக்கெட் அடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொன்னேன், தாள் மாற்றிய ஐந்து நிமிடத்தைச் சொன்னேன். அவர் மெல்ல, "அந்த நூத்தி முப்பத்திரெண்டு?" என்று கேட்டார். யாரோ பயணியுடைய பாக்கி முதலாளி, வந்து கேட்டால் கொடுக்க வேண்டும், நான் தனியாக வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"தனியா ஒண்டும் வைக்க வேணாம். எல்லாத்தையும் கலெக்ஷனில் போடு."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கொண்டக்டர் தனியாக ஒரு கவரில் காசு வைக்க ஆரம்பித்தால், அந்தக் கவரை எந்தத் தம்பியைக் கொண்டு எண்ணுவது? 6,083 ஐயும் கட்டிக் கொடுத்தேன். தம்பி தன் கொப்பியில், 99, 96, +237 என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக "தாள்" என்று போட்டுக்கொண்டான். அடுத்த பயணத்திலிருந்து கடலைக்காரரை அவன் அமுக்கவில்லை. நானும் தாள்சுருள் முடிவதற்கு முன்பு ஓரத்தில் சிவப்புக் கோடு வரத் தொடங்கியதும், புறக்கோட்டையிலேயே பஸ் நிற்கும்போது மாற்றிவிடுகிறேன். பாதிச் சுருள் வீணாகிறதென்று முதலாளி முணுமுணுப்பார், அதைக் கேட்டுக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், அதே பயணம். கொள்ளுப்பிட்டியில் ஒரு அம்மா, கூடவே பாடசாலை விட்டு வந்த மகள். ஏறியதும் கைப்பையைத் திறந்து, மடித்த ஒரு துண்டை எடுத்து நீட்டினார். "வெள்ளிக்கிழமை உங்கட பஸ்தானே? இறங்கிற அவசரத்துல மறந்திட்டன்" என்றார். துண்டின் முன்பக்கத்தில் எழுத்து அனேகமாக வெளுத்துப் போயிருந்தது. அந்த மெஷின் தாள் கை வியர்வை பட்டாலே வெளுக்கும். எந்தப் பஸ், என்ன இலக்கம், எவ்வளவு காசு என்று எதுவும் வாசிக்க முடியவில்லை. பின்பக்கம் திருப்பினேன். நீலப் பேனா, கொஞ்சம் நீரில் ஊறியிருந்தது. 132. இரண்டுக்கு நான் போடுகிற வால் என்னுடையதுதான்.

கதவுப் பக்கத்திலிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். பையிலிருந்து ஒரு நூறும், ஒரு இருபதும், ஒரு பத்தும், தேடியெடுத்த ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியும் எண்ணி அந்த அம்மாவின் கையில் வைத்துவிட்டு, அன்றைக்கு உரிய இரண்டு டிக்கெட்டையும் அடித்துக் கொடுத்தேன்.

மொறட்டுவையில் எண்ணியபோது அந்தப் பயணத்தில் காசு குறைந்திருந்தது, 94 ரூபாய். தம்பி கருவியைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், ஆட்கள் சரி, டிக்கெட் சரி. பிறகு கொப்பியைத் திறந்து, வெள்ளிக்கிழமைப் பக்கத்துக்குப் போய், "தாள்" என்று எழுதியிருந்ததற்குக் கீழே 132 என்று எழுதி, என்னிடம் கேட்காமலே மாமாவுக்குப் போன் எடுத்தான்.